பட்டியல் விலையும் பத்து நாள் கெடுவும்

ஆடிப்பெருக்கன்று சிவகாசிப் பட்டாசுக் கடைகளில் பூஜை போட்டு அந்த ஆண்டின் வியாபாரத்தைத் தொடங்குவார்கள். புதிய விலைப்பட்டியல்களும் அதையொட்டியே வெளிவரும். பட்டியலை முதன்முறையாகப் பார்ப்பவருக்குத் திகைப்பாக இருக்கும். ஒரு பெட்டி புஸ்வாணத்துக்கு நேரே 500 ரூபாய் என்று அச்சிட்டிருப்பார்கள். பக்கத்தின் தலைப்பிலேயே 80 சதவீதம் தள்ளுபடி என்றும் இருக்கும். அந்தப் பெட்டியை 500 ரூபாய் கொடுத்து யாரும் வாங்கியதில்லை, வாங்கப்போவதும் இல்லை. அதன் விலை 100 ரூபாய்தான்.

இது வியாபாரத் தள்ளுபடி. கடைத்தெருவில் டிரேட் டிஸ்கவுண்ட் என்பார்கள். இதே சரக்கைக் கடனுக்கு அனுப்பும் மொத்த வியாபாரி, பில்லின் அடியில் இன்னொரு வரியையும் எழுதுவதுண்டு: ‘10 நாளுக்குள் பணம் வந்தால் 2 சதவீதம் சி.டி.’ இது ரொக்கத் தள்ளுபடி, அதாவது கேஷ் டிஸ்கவுண்ட். இரண்டுமே விலையில் கழிவதால் இரண்டும் ஒன்றுதான் என்று நினைப்பவர்கள் ஏராளம். கணக்குப் புத்தகம் இவ்விரண்டையும் முற்றிலும் வேறாக நடத்துகிறது. முதலாவதற்குப் புத்தகத்தில் இடமே கிடையாது. இரண்டாவதற்குத் தனிக் கணக்கே உண்டு. இந்த வேற்றுமைக்கான காரணம் பிடிபட்டுவிட்டால் பதிவுகளை மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை.

ஒரு பட்டியல், பல விலைகள்

சிவகாசி வியாபாரி விலையை ஏன் ஐந்து மடங்காக்கி அச்சிட வேண்டும்? அவரிடம் வாங்குபவர்கள் பலவகை. ஒருவர் வீட்டுக்கு நாலு பெட்டி வாங்குவார். இன்னொருவர் கடை போடுவதற்காக ஒரு வேன் நிறைய ஏற்றிச் செல்வார். வேறொருவர் ஒரு மாவட்டத்துக்கே மொத்தமாக எடுப்பார். மூவருக்கும் ஒரே விலை கட்டுப்படியாகாது. ஆளுக்கொரு பட்டியல் அச்சடிப்பதும் நடக்காது. பட்டியல் ஒன்றாக இருக்கட்டும், சதவீதம் ஆளுக்கும் அளவுக்கும் தக்கபடி மாறட்டும் என்பதுதான் ஏற்பாடு. நடுவில் மூலப்பொருள் விலை ஏறினால் பட்டியலை மாற்றாமல் சதவீதத்தைக் குறைத்துக்கொள்ளலாம்.

ஆக, பட்டியல் விலை என்பது பேரம் தொடங்கும் இடம். வியாபாரத் தள்ளுபடி அங்கிருந்து உண்மை விலைக்குக் கொண்டுவந்து சேர்க்கும் கணக்கு. அந்தக் கணக்கு முடிந்த பிறகுதான் விற்பனை என்ற ஒன்றே நிகழ்கிறது. கணக்கேடு நிகழ்ந்ததை மட்டுமே எழுதும் என்பதால், விற்பனை நிகழும் முன்பே கழிந்துபோன தொகைக்கு அங்கே வேலை இல்லை.

சில பட்டியல்களில் ‘80 சதவீதமும் அதற்கு மேல் 5 சதவீதமும்’ என்று இரண்டு தள்ளுபடிகள் இருக்கும். இதை 85 சதவீதம் என்று கூட்டிவிடக் கூடாது. 5,00,000 ரூபாய்ப் பட்டியல் மதிப்பில் முதலில் 80 சதவீதம் போனால் 1,00,000 நிற்கும். அடுத்த 5 சதவீதம் அந்த ஒரு லட்சத்தில்தான் கழியும், மிச்சம் 95,000. நேரடியாக 85 சதவீதம் கழித்தால் 75,000 வரும். இருபதாயிரம் ரூபாய் வித்தியாசம் என்பதால் பேச்சு முடியும்போதே எதைச் சொல்கிறார்கள் என்று கேட்டுக்கொள்வது நல்லது.

விழுப்புரத்துக்குப் போன சரக்கு

இரண்டு பக்கத்துப் புத்தகங்களையும் பார்க்க ஓர் உதாரணத்தை எடுத்துக்கொள்வோம். விழுப்புரத்தில் தீபாவளிக் கடை போடும் ஒருவர், சிவகாசி மொத்த வியாபாரியிடம் பட்டியல் விலைப்படி 5,00,000 ரூபாய்க்குச் சரக்கு எடுக்கிறார். வியாபாரத் தள்ளுபடி 80 சதவீதம். பில் தேதி அக்டோபர் 1. பணம் கட்டக் கெடு 40 நாள், அதாவது நவம்பர் 10. பத்து நாளுக்குள், அக்டோபர் 11-க்குள் கட்டினால், வரிக்கு முந்தைய விலையில் 2 சதவீதம் ரொக்கத் தள்ளுபடி உண்டு.

பில் இப்படி இருக்கும்:

பட்டியல் மதிப்பு: ரூ. 5,00,000
கழி: வியாபாரத் தள்ளுபடி 80 சதவீதம்: ரூ. 4,00,000
நிகர விலை: ரூ. 1,00,000
சிஜிஎஸ்டி 9 சதவீதம்: ரூ. 9,000
எஸ்ஜிஎஸ்டி 9 சதவீதம்: ரூ. 9,000
மொத்தம்: ரூ. 1,18,000

பட்டாசுக்கு ஜிஎஸ்டி 18 சதவீதம். விற்பவரும் வாங்குபவரும் தமிழ்நாட்டுக்குள் இருப்பதால் அது இரண்டு பாதியாகப் பிரிகிறது. தள்ளுபடி பில்லிலேயே காட்டப்பட்டிருப்பதால் வரி ஒரு லட்சத்துக்கு மட்டும் விழுகிறது, ஐந்து லட்சத்துக்கு இல்லை. வியாபாரத் தள்ளுபடியைப் பில்லில் எழுதிக் கழிக்க வேண்டும் என்று வற்புறுத்துவதற்கு இது முக்கியமான காரணம்.

அக்டோபர் 1-ம் தேதி சிவகாசிக்காரர் புத்தகத்தில் வரும் குறிப்பேட்டுப் பதிவு:

பற்று: விழுப்புரம் கடைக்காரர் கணக்கு ரூ. 1,18,000
வரவு: விற்பனைக் கணக்கு ரூ. 1,00,000
வரவு: வெளியீட்டு சிஜிஎஸ்டி கணக்கு ரூ. 9,000
வரவு: வெளியீட்டு எஸ்ஜிஎஸ்டி கணக்கு ரூ. 9,000

விழுப்புரத்துக்காரர் புத்தகத்தில்:

பற்று: கொள்முதல் கணக்கு ரூ. 1,00,000
பற்று: உள்ளீட்டு சிஜிஎஸ்டி கணக்கு ரூ. 9,000
பற்று: உள்ளீட்டு எஸ்ஜிஎஸ்டி கணக்கு ரூ. 9,000
வரவு: சிவகாசி வியாபாரி கணக்கு ரூ. 1,18,000

இரண்டு பதிவுகளிலும் ஐந்து லட்சமும் இல்லை, நாலு லட்சமும் இல்லை. விற்பனை ஏட்டிலும் கொள்முதல் ஏட்டிலும் விவரப் பகுதியில் அந்தக் கழித்தலை எழுதிக் காட்டலாம். பேரேட்டுக்குப் போவது நிகரத் தொகை மட்டுமே.

இரண்டு சதவீத ரொக்கத் தள்ளுபடியும் இந்தப் பதிவுகளில் இல்லை என்பதைக் கவனியுங்கள். அதற்குக் காரணம் வேறு. கடைக்காரர் பத்து நாளுக்குள் கட்டுவாரா, நாற்பதாம் நாள் கட்டுவாரா என்பது அக்டோபர் 1-ம் தேதி யாருக்கும் தெரியாது. அன்றைக்கு உறுதியானது 1,18,000 ரூபாய்க் கடன் மட்டும்தான்.

பணம் வரும் நாள்

அக்டோபர் 10-ம் தேதி கடைக்காரர் வங்கி வழியாகப் பணம் அனுப்புகிறார். ஒரு லட்சத்துக்கு 2 சதவீதம், 2,000 ரூபாய் கழித்து 1,16,000 ரூபாய். இப்போதுதான் ரொக்கத் தள்ளுபடி பிறக்கிறது.

சிவகாசிக்காரர் புத்தகத்தில்:

பற்று: வங்கிக் கணக்கு ரூ. 1,16,000
பற்று: அளித்த தள்ளுபடிக் கணக்கு ரூ. 2,000
வரவு: விழுப்புரம் கடைக்காரர் கணக்கு ரூ. 1,18,000

விழுப்புரத்துக்காரர் புத்தகத்தில்:

பற்று: சிவகாசி வியாபாரி கணக்கு ரூ. 1,18,000
வரவு: வங்கிக் கணக்கு ரூ. 1,16,000
வரவு: பெற்ற தள்ளுபடிக் கணக்கு ரூ. 2,000

கடன் 1,18,000 ரூபாயாக ஏட்டில் ஏறிவிட்டது. வந்த பணம் 1,16,000. மீதி 2,000 எங்கே போயிற்று என்பதற்கு ஏடு பதில் சொல்லியாக வேண்டும். அந்தப் பதில்தான் தள்ளுபடிக் கணக்கு. பணத்தை முன்கூட்டிப் பெறுவதற்காக விட்டுக்கொடுத்த தொகை என்பதால் விற்றவருக்கு அது செலவு. வாங்கியவருக்கு அதுவே வருமானம். இரண்டும் ஆண்டு முடிவில் இலாப நட்டக் கணக்குக்குப் போகும். விற்பனை எண்ணும் கொள்முதல் எண்ணும் ஒரு லட்சமாக அப்படியே நிற்கும். சரக்கின் விலை மாறவில்லை, பணம் வந்த வேகத்துக்குத்தான் இந்த 2,000 ரூபாய்.

முப்பத்தி ரொக்க ஏடு வைத்திருப்பவர்களுக்கு இது இன்னும் எளிது. ரொக்கம், வங்கி என்ற பத்திகளோடு தள்ளுபடிக்கும் ஒரு பத்தி இருக்கும். பற்றுப் பக்கத்தில் அளித்த தள்ளுபடியும், வரவுப் பக்கத்தில் பெற்ற தள்ளுபடியும் ஏறும். மற்ற இரண்டு பத்திகளையும் இருப்புக் கட்டுவோம். தள்ளுபடிப் பத்திகளை இருப்புக் கட்டக் கூடாது; தனித்தனியே கூட்டி, அந்தந்தக் கணக்குக்கு எடுத்தெழுத வேண்டும். கொடுத்ததும் பெற்றதும் இரு வேறு ஆட்களோடு நடந்தவை, ஒன்றோடொன்று கழித்துக்கொள்ள முடியாதவை.

ரொக்கத் தள்ளுபடி என்றால் கட்டுக் கட்டாக நோட்டு கொடுக்க வேண்டும் என்று சிலர் எண்ணுகிறார்கள். அப்படி இல்லை. காசோலை, வங்கிப் பரிமாற்றம் எதுவானாலும் கெடுவுக்குள் வந்தால் போதும். சொல்லப்போனால் இந்தத் தொகையை நோட்டாகக் கொடுப்பது கடைக்காரருக்கே கேடு. ஒரு நாளில் ஒருவருக்கு 10,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்த வியாபாரச் செலவைப் பொதுவாக வருமான வரிக் கணக்கில் கழிக்க விடமாட்டார்கள்.

பில்லில் கழியாமல் பிறகு தரப்பட்ட இந்த 2,000 ரூபாய்க்கு ஜிஎஸ்டி என்ன ஆகும்? வழக்கமான, எளிதான வழி வரியைத் தொடாமல் விடுவது. சிவகாசிக்காரர் 2,000 ரூபாய்க்கு மட்டும், வரி இல்லாமல், ஒரு வரவுக்குறிப்பு அனுப்புவார். அவர் கட்டிய 18,000 ரூபாய் வரியும், கடைக்காரர் எடுத்த உள்ளீட்டு வரி வரவும் மாறாமல் இருக்கும். மேலே உள்ள பதிவுகளில் வரிக் கணக்குகள் தலைகாட்டாததற்கு இதுவே காரணம். வரியையும் சேர்த்துக் குறைக்க விரும்பினால் அதற்குச் சட்டம் விதிக்கும் நிபந்தனைகள் தனி. தணிக்கையாளரைக் கேட்காமல் அதில் இறங்கக் கூடாது.

இரண்டாயிரம் ரூபாய் யாருக்கு லாபம்?

நவம்பர் 8-ம் தேதி தீபாவளி வரும் ஆண்டாக இருந்தால், 40 நாள் கெடு பண்டிகை முடிந்து இரண்டு நாள் கழித்துத்தான் வருகிறது. கடைக்காரர் விற்ற காசிலேயே கடனை அடைத்துவிடலாம். ரொக்கத் தள்ளுபடி வேண்டுமென்றால் கடை திறப்பதற்கு முன்பே 1,16,000 ரூபாயைப் புரட்ட வேண்டும். இது தகுமா என்பதை ஒரு சிறு கணக்கு சொல்லிவிடும்.

30 நாள் முன்னதாக 1,16,000 ரூபாய் கொடுப்பதற்கு அவருக்குக் கிடைப்பது 2,000 ரூபாய். ஆண்டு வட்டியாக மாற்றினால் சுமார் 21 சதவீதம். இரண்டு சதவீதம் என்று பார்க்கும்போது அற்பமாகத் தெரிந்தது, முப்பது நாளுக்கு என்பதால் இவ்வளவு பெரிதாகிறது.

கடைக்காரருக்கு வங்கியில் ஆண்டுக்கு 12 சதவீத வட்டியில் ஓவர்டிராஃப்ட் வசதி இருந்தால், அந்த 30 நாளுக்கு வட்டி ஏறத்தாழ 1,144 ரூபாய். தள்ளுபடியில் வட்டி போக 856 ரூபாய் கையில் நிற்கும், எடுத்துக்கொள்வதே புத்திசாலித்தனம். அதே பணத்தை வெளியில் இரண்டு வட்டிக்கு, அதாவது மாதம் நூற்றுக்கு இரண்டு ரூபாய்க்கு வாங்கினால் வட்டி 2,320 ரூபாய். தள்ளுபடியை வாங்கி 320 ரூபாய் நட்டப்படுவதைவிட நவம்பர் 10 வரை பொறுத்திருக்கலாம்.

சிவகாசிக்காரரும் இதே கணக்கைத் தம் பக்கம் போட்டுப் பார்த்தாக வேண்டும். அவருக்கு வங்கியில் இதைவிடக் குறைந்த வட்டிக்குப் பணம் கிடைக்குமானால், 21 சதவீதம் கொடுத்துத் தம் பணத்தைத் தாமே திரும்ப வாங்குகிறார் என்று பொருள். பண்டிகைக்குப் பிறகு வராக்கடன் ஆகிவிடுமோ என்ற பயமும், கூலிக்கும் மூலப்பொருளுக்கும் உடனே பணம் வேண்டிய நெருக்கடியும் இருந்தால் அந்த விலை நியாயம். இரண்டும் இல்லையென்றால் சதவீதத்தை அவர் குறைக்கலாம். அளித்த தள்ளுபடிக்குத் தனிக் கணக்கு வைத்திருப்பதால்தான் ஆண்டு முடிவில் மொத்தம் எவ்வளவு விட்டுக்கொடுத்தோம் என்று அவர் பார்க்க முடிகிறது.

எங்கே தவறுகிறது, எப்படித் தெரியும்

முதல் தவறு, பட்டியல் விலையிலேயே பதிவு போடுவது. கொள்முதல் 5,00,000 என்றும் பெற்ற தள்ளுபடி 4,00,000 என்றும் எழுதினால் கடைசியில் ஒன்றுக்கொன்று நேராகிவிடாதா என்று தோன்றும். சரக்கு முழுவதும் விற்றுவிட்டால் நிகர லாபம் சரியாகவே வரும். மீந்துபோனால்தான் வினை. பட்டியல் மதிப்பில் ஒரு லட்சம் ரூபாய்ச் சரக்கு விற்காமல் தங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். அதன் உண்மை அடக்கம் 20,000. புத்தகம் பட்டியல் விலையில் ஓடியதால் இறுதிச் சரக்கிருப்பையும் 1,00,000 என்று காட்டுவார்கள். இல்லாத லாபம் 80,000 ரூபாய் முளைத்து, அதற்கு வருமான வரியும் கட்ட நேரும். விற்பவர் பக்கம் இன்னும் மோசம். 25 லட்சம் ரூபாய்க்கு வியாபாரம் செய்தவர் 1.25 கோடி செய்ததாகப் புத்தகம் சொல்லும். கட்டாயத் தணிக்கை போன்றவற்றுக்கான வரம்புகள் விற்றுமுதலை வைத்தே தீர்மானிக்கப்படுகின்றன. பெற்ற தள்ளுபடியோ அளித்த தள்ளுபடியோ கொள்முதல், விற்பனையோடு போட்டி போடும் அளவுக்குப் பெரிதாக நின்றால், வியாபாரத் தள்ளுபடி பேரேட்டுக்குள் நுழைந்துவிட்டது என்று உடனே சந்தேகப்படலாம்.

இரண்டாவது, சரக்கு திரும்பும்போது நேர்வது. பட்டியல் விலைப்படி 25,000 ரூபாய் மதிப்புள்ள பெட்டிகள் நமத்துப்போயிருந்ததால் கடைக்காரர் அக்டோபர் 5-ம் தேதி திருப்பி அனுப்புகிறார் என்றால், விற்பனைத் திருப்பமாகவும் கொள்முதல் திருப்பமாகவும் எழுத வேண்டியது 5,000 ரூபாய்தான். வாங்கும்போது கழித்த 80 சதவீதத்தைத் திருப்பும்போதும் கழிக்க வேண்டும். அதற்கான வரி 900. பிறகு ரொக்கத் தள்ளுபடியும் மீதமுள்ள 95,000-க்கு மட்டும்தான்: 1,900 ரூபாய். ஆக அவர் கட்ட வேண்டியது 1,18,000-இல் 5,900-உம் 1,900-உம் போக 1,10,200. திரும்பிய சரக்கைப் பட்டியல் விலையில் கழித்துப் பணம் அனுப்பினால், சிவகாசியிலிருந்து அன்று மாலையே தொலைபேசி வரும்.

மூன்றாவது, கெடு தாண்டியும் தள்ளுபடியைக் கழித்துக்கொள்வது. அக்டோபர் 25-ம் தேதி 1,16,000 ரூபாய் அனுப்பிவிட்டு, “அண்ணாச்சி, சி.டி. கழிச்சிட்டுதான் போட்டிருக்கேன்” என்று சொல்வது வியாபாரத்தில் புதிதல்ல. கடைக்காரர் ஏட்டில் கடன் தீர்ந்துவிட்டது. சிவகாசி ஏட்டில் 2,000 ரூபாய் பாக்கி நிற்கிறது. இரண்டு பக்கமும் அவரவர் இருப்பாய்வு சரியாகவே பொருந்தும் என்பதால் இந்தத் தவறு உள்ளுக்குள் தெரியாது. ஆண்டு முடிவில் இருவரும் பாக்கி உறுதிக் கடிதம் மாற்றிக்கொள்ளும்போதுதான் வெளிப்படும். பாக்கி வித்தியாசம் பில்லின் நிகர விலையில் சரியாக 2 சதவீதமாக இருந்தால், ஒத்துக்கொள்ளப்படாத ரொக்கத் தள்ளுபடி என்று பெரும்பாலும் கண்டுபிடித்துவிடலாம். அண்ணாச்சி பெருந்தன்மையாக விட்டுவிட முடிவு செய்தால் அன்றைய தேதியில் அளித்த தள்ளுபடிக்குப் பற்றும், கடைக்காரர் கணக்குக்கு வரவுமாக 2,000 எழுதி வரவுக்குறிப்பும் அனுப்ப வேண்டும். விடமாட்டார் என்றால் கடைக்காரர் தம் பெற்ற தள்ளுபடியை ரத்து செய்து கடனை மீண்டும் ஏட்டில் ஏற்ற வேண்டும்.

இந்தச் சச்சரவைத் தடுக்க பில்லிலேயே மூன்று விஷயங்களை எழுதிவிடுவது உத்தமம். கெடு பில் தேதியிலிருந்தா, சரக்கு வந்த தேதியிலிருந்தா? காசோலையானால் கொடுத்த நாளா, வங்கியில் பணமான நாளா? சதவீதம் வரிக்கு முந்தைய தொகையிலா, வரி சேர்த்தா? வரி சேர்த்து 1,18,000-க்கு 2 சதவீதம் என்றால் தள்ளுபடி 2,360 ஆகிவிடும். ஒரு பில்லுக்கு 360 ரூபாய் சிறிதாகத் தோன்றலாம். ஒரு பருவத்தின் அத்தனை பில்களுக்கும் சேர்த்தால் சிறிதல்ல.

இங்கே சொன்ன முறை சிறு, நடுத்தர வியாபாரிகளின் வழக்கமான முறை. இன்ட் ஏஎஸ் தரநிலைகளைப் பின்பற்றும் பெரிய கம்பெனிகள், வாடிக்கையாளர் ரொக்கத் தள்ளுபடியை எடுத்துக்கொள்வார் என்பதை முன்கூட்டியே மதிப்பிட்டு, வருவாயிலேயே குறைத்துக் காட்ட வேண்டும். அங்கேயும் வியாபாரத் தள்ளுபடியின் நிலை மாறுவதில்லை. பில்லில் கழிந்த தொகை வருவாயாகவே கருதப்படாது.

ஆண்டுக் கணக்கை முடிக்கும் முன் கடைக்காரர்கள் பில் கோப்பையும் பேரேட்டையும் பக்கத்தில் வைத்து, தள்ளுபடிக் கணக்கின் ஒவ்வொரு வரியையும் சரிபார்க்க வேண்டும். அதில் உள்ள ஒவ்வொரு தொகைக்கும் எதிரே பணம் வந்த அல்லது போன ஒரு தேதி இருக்க வேண்டும். தேதி கெடுவுக்குள் இருந்தால் பதிவு சரி. கெடு தாண்டியிருந்தால் எதிர்த்தரப்பின் ஒப்புதலாக ஒரு வரவுக்குறிப்பு கோப்பில் இருக்க வேண்டும். பணம் கைமாறிய தேதியே இல்லாமல், பில் தேதியிலேயே ஒரு தள்ளுபடி ஏறியிருந்தால் அது பெரும்பாலும் வியாபாரத் தள்ளுபடிதான். அதை நீக்கி, கொள்முதலையோ விற்பனையையோ நிகர விலைக்குத் திருத்திவிட்டு, அதன் பிறகே சரக்கிருப்பை மதிப்பிடத் தொடங்க வேண்டும்.